மோட்டார் இல்லாத பெரியம்மா கேட்ட கேள்வி

மாமாவின் கட்டில் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்து, ஒரு வரி விடாமல் நான் சத்தமாகப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஒரு கல்லூரிச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவர் யாரும் இல்லை. அதனால் ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், பேங்க் எதுவானாலும் "பாப்பாவைக் கூப்புடு" என்பார்கள். கூப்பிட்டால் எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் பெருமையாகத்தான் படித்தேன். படித்துவிட்டுத் தமிழில் விளக்கினேன்.

"மாமா, எடது கால்ல சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும் செத்துப்போச்சு. ரத்தம் போகல. சக்கரை நானூத்துக்கு மேல இருக்கு. விரலை எடுக்கலன்னா மேல ஏறும். அப்பறம் காலையே எடுக்க வேண்டி வரும்."

பக்கத்துக் கட்டில்காரரும் அவர் மனைவியும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கீழே கிடந்த போர்வையைக் கையால் இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த அத்தை, அதாவது மாமாவின் மனைவி, என் கையிலிருந்து தாளை மெதுவாக வாங்கிப் பழைய இடத்தில் மாட்டினாள்.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அந்தத் தைரியத்தில்தான் அடுத்த இரண்டு நாளும் நான் செய்த தவறு எனக்குத் தெரியாமல் இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. போர்வெல் மோட்டார் மெக்கானிக். பாப்பாரப்பட்டியைச் சுற்றிப் பத்து இருபது கிராமங்களில் யார் மோட்டார் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். ஆறேழு பேரை வைத்துக் குழாயை மேலே ஏற்றி, மோட்டாரைக் கழற்றி, எரிந்துபோன செம்புக் கம்பிச் சுருளை மாற்றிக் காயில் கட்டி, மறுபடி இறக்கி, தண்ணீர் வந்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். செருப்புப் போட மாட்டார். சேற்றில் வழுக்கும் என்பார். ஒரு நாள் கம்பி ஒன்று விரலிடுக்கில் குத்தியிருக்கிறது. சர்க்கரை இருந்ததால் வலி தெரியவில்லை. அத்தை பாயில் கறையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அதற்குள் விரல் கறுத்துவிட்டது.

அதே வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் தெளிவாகச் சொன்னார். காய்ச்சல் இறங்கட்டும், இன்சுலினில் சர்க்கரை குறையட்டும். திங்கட்கிழமை ரவுண்ட்ஸில் மாமா சம்மதம் சொன்னால் செவ்வாய்க்கிழமை இரண்டு விரலை எடுத்துவிடலாம். தள்ளிப்போடக் கூடாது. மாமா தலையை ஆட்டினார். டாக்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் பார்க்க வராமல் இருக்க முடியாது. கல்யாணத்துக்கு வராததைக்கூட மன்னித்துவிடுவார்கள். "நான் படுத்துக் கெடந்தப்போ எட்டிக்கூடப் பாக்கல" என்பதைப் பத்து வருஷம் ஆனாலும் மறக்க மாட்டார்கள். அதனால் எல்லோரும் வந்தார்கள். சாத்துக்குடி, ஆப்பிள், பன், ஹார்லிக்ஸ் எல்லாம் கட்டிலடியில் சேர்ந்தன. சர்க்கரை நோயாளிக்கு எதுவும் ஆகாது. வார்டு ஆயாவுக்கும் பக்கத்துக் கட்டில்களுக்கும் அத்தை கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான். "என்னா ஆச்சு?" அத்தை கம்பி குத்தியதிலிருந்து தொடங்குவாள். முடிப்பதற்குள் அடுத்தவர் வருவார். மறுபடி கம்பியிலிருந்து. ஒவ்வொரு தடவையும் கதையில் கம்பி இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. இரண்டாவதாக, "காலைக் காட்டு பாப்போம்." போர்வை விலகும். புண் வாடைக்குச் சேலைத் தலைப்பும் துண்டும் மூக்குக்குப் போகும். மாமா அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவதாக, "எப்படி இருந்த ஆளு, இப்படி எளச்சிப் போயிட்டியே!" பிறகு கால்மாட்டில் இரண்டு மூன்று பேராக நின்று குசுகுசுவென்று பேசுவார்கள். படுத்திருப்பவருக்குப் பேச்சு கேட்காது. ஆனால் தன்னைப் பற்றித்தான் என்று தெரியும்.

கடைசியாகப் பெரியம்மா வந்தாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவள். அரூர்ப் பக்கம் வாக்கப்பட்டவள். தீர்த்தமலைத் தீர்த்தத்தைப் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்து, மாமாவின் நெற்றியில் திருநீறு பூசி, ஒரு மூச்சு அழுது முடித்தாள்.

"எங்கூர்ல கூட ஒருத்தருக்கு இதேதான்டா தம்பி. மொதல்ல சுண்டு வெரலுன்னாங்க. எடுத்தாங்க. அப்பறம் பாதம். அப்பறம் மொழங்கால். பாவம், போன ஆடி வரைக்கும் இருந்தாரு."

"அக்கா!" என்றாள் அம்மா.

"நான் என்னாடி சொல்லிட்டேன்? இவன் தெகிரியமா இருக்கணும்னு தானே சொல்றேன்."

எல்லோரும் போன பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, என்னை வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. பாலக்கோடு பக்கம் ஒருத்தர் எல வெச்சுக் கட்டறாராம். விரல எடுக்க நான் ஒத்துக்க மாட்டேன்."

அவ்வளவுதான். நான் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். ரத்த ஓட்டம், கிருமி, சதவீதம். பேசப் பேச அவர் முகம் மூடிக்கொண்டே போனது. "படிச்ச புள்ள சொல்லிட்ட. சரி. நான் வூட்டுக்குப் போறேன்" என்றார். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன். பெரியம்மா மேல்தான் கோபம் கோபமாக வந்தது. காலையில் நான் சொன்னதும் அதே கதைதான், செத்த ஆள் மட்டும்தான் அதில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பாய் வந்தார். பாப்பாரப்பட்டியில் மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவர். மாமாவுக்கு இருபது வருஷப் பழக்கம். கையில் பழம் இல்லை, ஒன்றும் இல்லை. ஸ்டூலை இழுத்து, மாமா கழுத்தைத் திருப்பாமல் பார்க்கிற இடத்தில் போட்டு உட்கார்ந்தார். காலைப் பார்க்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"என்னா மாப்ள, நீ பாட்டுக்கு இங்க வந்து படுத்துக்கிட்ட. அங்க ஊரே ஸ்டார்ட்டரத் தூக்கிக்கிட்டு என் கடையில நிக்குது. அந்தத் தக்காளித் தோட்டத்துக்காரன் மோட்டாரு போட்டா ஓடல, ரிலே தட்டிக்கிட்டே இருக்குதாம். நேத்து என்னைத் திட்டிட்டுப் போறான்."

மாமா கண்ணைத் திறந்தார். "போட்டதும் தட்டுதா, கொஞ்ச நேரம் ஓடித் தட்டுதா?"

"போட்டதும் உர்ருனு ஒரு சத்தம். அப்பறம் தட்டுது."

"உர்ருங்குதா? மூணு பேஸும் வருதான்னு பாத்தியா? ஒரு பேஸு போயிருக்கும். பீஸ் கேரியர்ல பாக்கச் சொல்லு."

"தட்டாம இருக்க ரிலேவக் கொஞ்சம் ஏத்தி வெக்கட்டுமான்னு கேக்கறான்."

மாமா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "ஏத்தி வெச்சான்னா மோட்டாரு பொகைஞ்சிரும்! தொடவே கூடாதுன்னு சொல்லு. அந்தக் காயிலு நான் கட்டினது பாய்."

ஆஸ்பத்திரிக்கு வந்து ஐந்து நாளில் மாமா குரல் அவ்வளவு உயர்ந்தது அப்போதுதான். பத்து நிமிஷம் ஆனதும் பாய் எழுந்தார். "நான் செத்த வெளிய நிக்கறேன். நீ போத்தல் வாங்கிக்க" என்றார். மாமா வெகு நேரமாக மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் முழுவதும் அப்படித்தான் அடக்கியிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பெண்கள் சுற்றி நிற்கையில் எப்படிக் கேட்பார்? பாய் திரும்ப வந்தது ஒன்று சொல்வதற்குத்தான். "ஓடுதா இல்லியான்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."

நான் அவர் பின்னாலேயே கேட் வரை ஓடினேன். "எப்படிங்க உங்ககிட்ட மட்டும் பேசினாரு? என்னா பேசணும்னு முன்னாடியே யோசிச்சு வந்தீங்களா?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுல யோசிக்க என்னாம்மா இருக்குது? எனக்கு நெஜமாவே தெரியல. கஸ்டமரு திட்டறான்."

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு வழிமுறை. அவ்வளவுதான். அன்றிரவே நோட்டுப் போட்டு எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே கேட்டுக்கு எதிரே டீக்கடையில் போய் நின்றேன். சொந்தக்காரர்கள் பஸ்ஸிலும் பைக்கிலும் வந்து இறங்க இறங்க மடக்கிப் பிடித்தேன். முதலில் ஒரு டீ. அதைக் குடிப்பதற்குள் கம்பிக் கதை முழுவதையும் நானே சொல்லி முடித்துவிடுவேன், அத்தைக்கு அந்த வேலை மிச்சம். பிறகு சட்டதிட்டம்.

"காலைக் காட்டச் சொல்லாதீங்க. அங்க கொஞ்சம் வாடை வரும், மூக்க மூடாதீங்க. கட்டில்ல உக்காராதீங்க, ட்ரிப்ஸ் ஊசி ஆடும். எளச்சிட்டீங்கன்னு சொல்லாதீங்க. ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாப்போயிடும்னும் சொல்லாதீங்க."

"அதுகூடச் சொல்லக் கூடாதா?" என்றார் சித்தப்பா ஒருவர்.

"அதச் சொன்னா அவரு பயத்தச் சொல்ல முடியாமப் போயிடும்ங்க."

"அப்ப என்னாத்தத்தான் சொல்றது? வாயத் தெச்சுக்கிட்டுப் போவணுமா?"

"கேள்வி கேளுங்க. மோட்டாரப் பத்தி." ஆளுக்கு ஒரு கேள்வியை நோட்டிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். ஒருவருக்குக் கேபிள், ஒருவருக்கு வால்வு, ஒருவருக்கு மணல் ஏறுவது. பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் சொன்னேன். முணுமுணுத்தார்கள். "இஸ்கூலு டீச்சரு மாதிரி கேட்ல நிக்கறாளே" என்று ஒரு குரல் கேட்டது. ஆனால் கேட்டுக்கொண்டுதான் போனார்கள்.

கடைசியாகப் பெரியம்மா. இந்தத் தடவை அவளைக் கொஞ்சம் கண்டிப்பாகவே நிறுத்தினேன். "பெரிம்மா, செத்தவங்க கத ஒண்ணுகூட வரக் கூடாது."

அவள் முகம் சுருங்கியது. "நான் சொன்னதுனாலயாடி அவன் வேணாங்கறான்?" என்று கேட்டாள். அழவில்லை. டீயைக் குடிக்காமலே கிளாஸைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒரு கேள்வி சொல்லிக் குடு."

கொடுத்தேன். அவள் உள்ளே போகும்வரை வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டு போனாள். நானும் கூடவே போனேன்.

மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஒப்பிப்பதுபோல் கேட்டாள்.

"தம்பி, என் போர்ல தண்ணி விட்டு விட்டு வருது. மோட்டாரு காத்து இழுக்குதா, இல்ல போர்ல தண்ணி கொறஞ்சிருக்குதா?"

மாமா அவளையே பார்த்தார்.

"யக்கா, உனக்கு ஏது போரு? உன் நெலம் மானாவாரி. மழ பேஞ்சாத்தான் உனக்குத் தண்ணி."

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பரீட்சையில் படிக்காத கேள்வி வந்துவிட்ட முகம். "ஒருவேள போட்டா?" என்றாள்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கில், பிறகு தோள் குலுங்க. ட்ரிப்ஸ் பாட்டில் ஆடியது. பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். பெரியம்மாவும் சிரித்து, சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போடா. என் வாயே சரியில்ல, அதனால பாப்பாதான் எழுதிக் குடுத்தா. எனக்குப் பயமா இருந்துச்சுடா, அன்னிக்கு என்னாத்தயோ ஒளறிட்டேன்."

"தெரியுது, தெரியுது. வந்தவனெல்லாம் ஆளுக்கு ஒரு டவுட்டு கேட்டப்பவே நெனச்சேன். நம்ம சின்ன மச்சான் வால்வுன்னா சைக்கிளு டியூப்புல இருக்கறதுன்னு நெனக்கறவன், அவன் என்னைய புட்வால்வு பத்திக் கேக்கறான்."

எல்லோரும் போன பிறகு கட்டில் பக்கம் நானும் மாமாவும் மட்டும். அத்தை சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போயிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா கோபப்படவில்லை.

"பாய் கேட்டது நெசம். மத்ததெல்லாம் உன் நோட்டு. இத்தன பேருக்குக் கேள்வி எழுதிக் குடுத்தியே பாப்பா, உனக்கு ஒண்ணு எழுதிக்கலையா?"

 உண்மைதான். வெள்ளிக்கிழமையிலிருந்து நான் அவரிடம் சொன்னது ஏராளம். விளக்கியது ஏராளம். கேட்டது ஒன்றுமில்லை. ஸ்டூலை இழுத்து, பாய் போட்ட இடத்திலேயே போட்டு உட்கார்ந்தேன்.

"எதுக்கு மாமா வேணாங்கறீங்க? சாவறதுக்கு பயமா?"

"அது எல்லாருக்கும் இருக்கறதுதான்." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ ஆட்டோவுக்குப் பேரம் பேசினார்கள். நான் இடையில் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று அந்த இரண்டு நிமிஷத்தில் தெரிந்தது.

"எடது காலு பாப்பா."

"ஆமாம் மாமா."

"கியரு எடது கால்லதான போடணும். வண்டி ஓட்ட முடியலன்னா எந்தூருக்குப் போயி எந்த மோட்டாரப் பாக்கறது? ஒருத்தன் பின்னால உக்காந்துகிட்டுப் போறதா? ரெண்டு விரலு இல்லாம பாதம் எப்படி நிக்கும்? கொழாய் ஏத்தறப்ப காலை ஊனணும். அத யாருகிட்ட கேக்கறது? டாக்டரு வர்றாரு, பத்துப் பேரு நோட்டோட வர்றாங்க, இங்கிலீசுல பேசிட்டுப் போறாங்க. கியரு போட முடியுமான்னு கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"

அந்த பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் நான் படித்தேன். எங்கள் ஊரிலிருந்து காலேஜ் பஸ் வரும் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர். ஐந்து வருஷம் தினமும் மாமாதான் கொண்டுபோய் விடுவார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது, "அதெல்லாம் ஓட்டலாம் மாமா, ஒண்ணும் ஆகாது" என்று. சாயங்காலம் டீக்கடையில் நின்று பிறருக்குத் தடை போட்ட வாக்கியம். விழுங்கினேன்.

"எனக்குத் தெரியல மாமா" என்றேன். எங்கள் குடும்பத்தில் யாரிடமும் நான் அதுவரை சொல்லாத வாக்கியம் அது. "நாளைக்கு டாக்டர்கிட்ட கேப்போம். நீங்களே கேளுங்க. நான் எழுதித் தரேன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் வார்த்தையைப் போடவில்லை. கியர் போட முடியுமா. பாதம் நிற்குமா. எத்தனை நாள். மற்ற விரலும் போகுமா, போகாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும். கடைசிக் கேள்வியை அவர் சொன்னபோதே குரல் மாறியிருந்தது. பெரியம்மா சொன்ன கதைக்குள்ளே ஒளிந்திருந்த கேள்வி அதுதான்.

திங்கட்கிழமை ரவுண்ட்ஸில் டாக்டர் கட்டிலைத் தாண்டப் பார்த்தபோது மாமா தாளைத் தூக்கினார். "சார், நாலு டவுட்டு இருக்குதுங்க."

டாக்டர் நின்றார். சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட பாதத்தைக் கையில் பிடித்து, கட்டை விரலைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். "நடக்கும்போது பாரம் தாங்குறதுல பெரிய பங்கு இதுக்குத்தான். இது நல்லா இருக்கு. கியரும் இந்தப் பக்கத்தாலதான் போடுவீங்க. பாதத்துக்கு ரத்தம் வர்றதும் டெஸ்ட்ல தெரியுது, அதனால புண் ஆற நல்ல வாய்ப்பு இருக்கு. ஆற ரெண்டு மூணு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் காலை ஊனக் கூடாது, வண்டியும் கூடாது. மத்த விரல் போகாம இருக்கிறதுல பாதி எங்க கையில, பாதி உங்க கையில. சக்கரையைக் கட்டுப்படுத்தணும். தினமும் ராத்திரி பாதத்தைப் பாக்கணும். வெறுங்காலோட ஒரு அடிகூட வைக்கக் கூடாது. மெத்துன்னு ஒரு செருப்பு இருக்கு, எம்.சி.ஆர். செருப்புன்னு சொல்லுவாங்க. அதைத்தான் போடணும்."

"சேத்துல வழுக்குமே சார்?"

"பெல்ட்டு வச்சது இருக்கு."

மாமா யோசித்தார். மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு, காயில் கட்டலாமா புதிது வாங்கச் சொல்லலாமா என்று தோட்டக்காரரிடம் சொல்வதற்கு முன்னால் யோசிப்பாரே, அதே முகம். பிறகு, "பேனா குடு பாப்பா" என்றார்.

செவ்வாய்க்கிழமை முதுகில் ஊசி போட்டு இரண்டு விரலையும் எடுத்தார்கள். சாயங்காலம் பாய் வந்து, தக்காளித் தோட்டத்து மோட்டார் ஓடுகிறது, பீஸ் கேரியரில்தான் கோளாறு என்றார். பெரியம்மா எழுதிக் கொடுக்காமலே ஒரு கேள்வி கேட்டாள். "வலிக்குதாடா தம்பி?" மாமா "வலிக்குதுக்கா" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் நான் யாருக்கும் சட்டம் போடவில்லை. நோட்டு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அதில் நல்ல விஷயங்கள் உண்டு, மூக்கை மூடாதே என்பது போல. அவற்றை இப்போதும் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் சொல்கிறேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் மாமா வார்டு வாசலில் சிஸ்டரிடம் "போயிட்டு வர்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லக் கூடாது. "போறேங்க சிஸ்டர், நல்லா இருங்க" என்றார். சிஸ்டரும் மறுபடி வாங்க என்று சொல்லாமல் கையை மட்டும் ஆட்டினார்.

புண் ஆற மூன்று மாதத்துக்கு மேலேயே ஆனது. தினமும் இரவு அத்தை செல்போன் டார்ச் அடிக்க, மாமா கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்தார். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு காலையில் பைக்கைத் துடைத்து வெளியே எடுத்தார். பெல்ட் வைத்த கறுப்புச் செருப்பு. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "உக்காரு, அதியமான்கோட்டை வரைக்கும் விடறேன்" என்றார்.

உட்கார்ந்தேன். முதல் கியர் விழுந்தது. இரண்டாவது விழக் கொஞ்சம் தாமதமாயிற்று. பாதத்தைச் சற்றுத் திருப்பி வைத்துப் பார்த்தார். வலிக்கிறதா, இறங்கிக்கொள்ளட்டுமா, மெதுவாகப் போங்கள் என்றெல்லாம் வாய் வரை வந்தது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மேட்டில் ஏறியதும் அவரே கழுத்தைத் திருப்பினார்.

"என்னா பாப்பா, ஒண்ணும் கேக்கலையா?"

"மூணாவது விழுதா மாமா?"

"விழுந்து அர கிலோமீட்டர் ஆச்சு" என்றார்.